வண்ணார்பண்ணை வீடும் ரொறன்ரோக் கடிதமும்

யாழ்ப்பாணப் பட்டினத்திலிருந்து காங்கேசன்துறை வீதி வழியாக வடக்கு நோக்கிச் செல்வோர், கடைத்தெருவின் ஆரவாரம் சற்றே அடங்குமிடத்தில் வண்ணை வைத்தீசுவரன் கோயிலைக் காண்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் வைத்தியலிங்கச் செட்டியார் எழுப்பிய கோயில் அது. நாவலர் பெருமான் 1848ஆம் ஆண்டில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கியதும் இந்த வண்ணார்பண்ணையிலேதான். கோயிலைச் சூழ்ந்துள்ள ஒழுங்கைகளுள் நுழைந்து நடப்பவருக்கு ஒரு வேற்றுமை புலனாகும். நாட்டுப்புறத்து யாழ்ப்பாண வீடு வேலிக்குள்ளே, பரந்த வளவின் நடுவே, படலையிலிருந்து எட்டி நிற்பது. இங்கேயோ வீடு தெருவைத் தொட்டுக்கொண்டு நிற்கிறது. தெருத்திண்ணை, அதனையடுத்துக் கனத்த கதவு, கதவுக்கப்பால் ஒரு நடை. வளவு இல்லையே என்று இரங்கும் வேளையில் நடை முடிந்து, வானம் தெரிகிறது. வெளியே இல்லாத முற்றத்தை உள்ளே வைத்துக் கட்டியிருக்கிறார்கள் நம் பட்டினத்து முன்னோர். நாற்புறமும் தாழ்வாரம் சூழ, நடுவே திறந்த முற்றத்துடன் அமைந்த இத்தகைய வீட்டையே நாற்சார் வீடு என்கிறோம்.

அத்தகைய வீடொன்றைப் பார்க்கவே நான் அங்கே சென்றிருந்தேன். பார்ப்பதற்கு அங்கே வீடு இருந்தது என்று சொல்வது பாதி உண்மை. கூரை முழுவதும் போய்விட்டது. சுவர்களிற் பாதி இடுப்பளவில் நிற்கின்றன. மேற்குச் சுவரின் பிளவிலே ஓர் ஆலங்கன்று வேரூன்றி, நன்றாகவே தழைத்திருக்கிறது. 1995ஆம் ஆண்டு ஒக்டோபர் 30ஆம் திகதி இரவு வலிகாமத்து மக்கள் நாவற்குழிப் பாலம் கடந்து தென்மராட்சிக்குப் பெயர்ந்தபொழுது, இவ்வீட்டாரும் கதவைப் பூட்டித் திறப்பை மடியிற் கட்டிக்கொண்டு போயினர். அடுத்த ஆண்டு உறவினர் ஒருவர் வந்து பார்த்தபோது பூட்டுவதற்குக் கதவே இருக்கவில்லை.

என்னை அழைத்துச் சென்றவர் இளைஞர் ஒருவர். கட்டப்படாத வீட்டைக் கட்டியதுபோலக் கணனியில் வரைந்து காட்டுவது அவர் தொழில். ஆங்கிலத்தில் விசுவலைசர் என்பார்கள். காட்சி வரைஞர் என்று நாம் சொல்லலாம். புதிதாகக் கட்ட விரும்புவோருக்குப் படம் வரைந்து கொடுத்தே பழகியவரிடம், இருந்த வீட்டைத் திரும்ப வரைந்து தருமாறு ஒரு கடிதம் வந்தது. ரொறன்ரோ நகரில் வாழும் அக்குடும்பத்தின் மூத்த மகள் எழுதியது. அவருடைய அனுமதியுடன் அதன் பெரும்பகுதியை இங்கே தருகிறேன்.

"அன்புள்ள தம்பிக்கு, நலம். உங்கள் நலமறிய அவா. எங்கள் வீட்டைப் பற்றி எழுதச் சொல்லியிருந்தீர்கள். நான் எழுதுகிறேன், அம்மா பக்கத்தில் இருந்து திருத்துகிறா. அவவுக்கு இப்போது வயது எண்பத்தெட்டு. நேற்றுச் சாப்பிட்டது நினைவில்லை. ஆனால் வீட்டில் எந்தக் கதவு மாரியில் இறுகும் என்று கேட்டால் உடனே சொல்லுவா.

"வீடு கிழக்குப் பார்த்தது. தெருத்திண்ணை ஏறி, நடை கடந்தால் முற்றம். முற்றத்துக்கு இறங்க இரண்டு படி. வடக்குத் தாழ்வாரந்தான் எல்லாவற்றிலும் அகலம். பகல் முழுவதும் சீவியம் அங்கேதான். அதன் ஓரமாய்ச் சிவப்புச் சீமெந்து நிலத்தில் ஒரு கறுப்புக் கோடு ஓடும். திருவெம்பாவை நாட்களில் உச்சிப் பூசை மணி கேட்கும்போது வெயில் அந்தக் கறுப்புக் கோட்டில் வந்து நிற்கும். அம்மம்மா கால் இரண்டையும் கோட்டுக்கு அந்தப் பக்கம் வெயிலில் நீட்டி, தலையை நிழலில் வைத்துச் சாய்ந்திருப்பா. ஆனி மாதத்தில் வெயில் எதிர்ப்பக்கம், தெற்குத் தாழ்வாரத்துத் தூண்களின் அடியோடு நின்றுவிடும்.

"தெற்குத் தாழ்வாரத்தில் இரண்டு அறை. ஒன்று ஐயாவின் கணக்கறை. மற்றதில் ஆம்பிளைப் பிள்ளைகள் படுப்பார்கள். வடமேற்கு மூலையில் அறைவீடு. அதற்கு யன்னல் கிடையாது. நெற்பெட்டியும் நகைப்பெட்டியும் அங்கேதான். நாங்கள் நாலு பேரும் பிறந்ததும் அங்கேதான். வடகிழக்கில் சாமியறை. மேற்குத் தாழ்வாரத்தைத் தாண்டினால் பின்முற்றம், குசினி, கிணறு, வண்டிக் கொட்டில். குசினி அக்கினி மூலையில் இல்லையே என்று ஒரு சாத்திரியார் ஒருமுறை குறை சொன்னார். அந்த மூலையில் தெரு இருக்கிறது, தெருவில் சமைக்கலாமோ என்று அம்மம்மா கேட்டவுடன் அவர் பேசாமல் தட்சணையை வாங்கிக்கொண்டு போனார்.

"இந்த வீடு அம்மாவுக்குச் சீதனமாய் வந்தது. அம்மா அதைச் சின்னத்தங்கைச்சிக்கு எழுதியிருக்கிறா. அவள் அடுத்த வருடம் வேலையை விட்டு ஊருக்கு வந்து இருக்கப் போகிறாள். காசில் பெரும்பங்கு தம்பியார் தருகிறார். அவருக்கு மேல்மாடியும் வேண்டும், அறையோடு சேர்ந்த குளியலறையும் வேண்டும், முற்றத்தைக் கண்ணாடியால் மூடவும் வேண்டும். கட்டத் தொடங்கிய பிறகு சண்டை பிடிப்பதிலும் பார்க்க, படத்தில் சண்டை பிடித்து முடிப்பது மலிவு என்று தோன்றியது. ஆகையால் வீடு இருந்தபடியே ஒரு படம், தம்பியார் சொல்லுகிறபடி ஒரு படம், இரண்டும் வேண்டும். முதற்படத்தை அம்மா பார்த்து, ஓம் என்று சொல்ல வேண்டும்."

கடிதம் இவ்வளவே. இணைப்பாக ஒரு புகைப்படம் இருந்தது. கலியாணப் படம். மணமக்களுக்குப் பின்னே ஒரு தூணும் கதவு நிலையின் ஒரு பகுதியும் தெரிந்தன. கூரை தெரியவில்லை.

வரைஞர் முதலிற் செய்த வேலை கணனியில் அன்று, மண்வெட்டியில். நான்கு ஆட்களை அமர்த்தி, இடிந்து கிடந்த கல்லையும் மண்ணையும் அகற்றினார். சுவர் விழுந்தாலும் அத்திவாரம் பொய் சொல்லாது. ஒவ்வொரு சுவரின் அடியும் கிடைத்தது. முற்றம் கிழக்கு மேற்காக 16 அடி, வடக்குத் தெற்காக 14 அடி. வட்டத் தூண்களின் அடிக்கட்டைகள் முற்றத்தின் விளிம்பிலேயே வரிசையாக நின்றன. சுண்ணாம்புச் சாந்து பூசி வழவழப்பாக்கியவை. வடக்குத் தாழ்வாரத்தின் அகலம் 7 அடி. மண்ணைக் கழுவியபோது சிவப்பு நிலமும் அதிலே கறுப்புக் கோடும் வெளிப்பட்டன. தூண்வரிசையிலிருந்து 3 அடி உள்ளே அந்தக் கோடு ஓடியது. இன்னுமொன்றும் கிடைத்தது. முற்றத்துக் கல்லிலே, தூண்களிலிருந்து ஒன்றரையடி தள்ளி, நேர்கோடாக ஒரு சிறு பள்ளம். ஆண்டுதோறும் ஓட்டு விளிம்பிலிருந்து ஒழுகிய மழைநீர் குடைந்த பள்ளம் அது. கூரையின் விளிம்பு எதுவரை நீண்டிருந்தது என்பதை நீரே எழுதி வைத்திருந்தது.

ஆக, நிலப்படம் முழுமையாயிற்று. கிடைக்காதது உயரம். கூரையின் தாழ்ந்த விளிம்பு நிலத்திலிருந்து எத்தனை அடியில் இருந்தது? இக்கால வழக்கத்தைப் பின்பற்றி வரைஞர் 9 அடி என்று வைத்துப் படத்தை அனுப்பினார். ரொறன்ரோவிலிருந்து மறுநாளே பதில் வந்தது. அம்மா பார்த்துவிட்டு, "இது பள்ளிக்கூடம். எங்கள் வீடு இல்லை" என்றாராம். எது பிழை என்று அவருக்குச் சொல்லத் தெரியவில்லை. வெயில் எங்கேயோ போகிறது என்று மாத்திரம் சொன்னாராம்.

மாணவ வாசகர்கள் இவ்விடத்தைச் சற்றே நின்று கவனிக்க வேண்டும். அந்த ஒரு சொல்லிலிருந்துதான் உயரம் கிடைத்தது.

யாழ்ப்பாணம் பூமத்திய ரேகைக்கு வடக்கே ஏறத்தாழ 9⅔ பாகையில் இருக்கிறது. மார்கழியின் முற்பகுதியில், டிசெம்பர் 21, 22ஆம் திகதிகளையொட்டி, சூரியன் தெற்கே 23½ பாகை வரை சென்று திரும்புகிறான். இரண்டையும் கூட்டினால் 33 பாகைக்குச் சற்று மேல். அதாவது அந்நாட்களில் நண்பகற் சூரியன் நம் தலைக்கு நேரே இல்லாமல் தெற்கே 33 பாகை சாய்ந்து நிற்கிறான். அடிவானிலிருந்து அளந்தால் 57 பாகை உயரம். அவ்வுயரத்தில் நிற்கும் சூரியனின் கதிர் ஒவ்வோரடி வடக்கே செல்வதற்கும் ஏறக்குறைய ஓரடி ஆறரை அங்குலம் கீழிறங்கும். வடக்குக் கூரையின் விளிம்பைத் தொட்டுக்கொண்டு நுழையும் கதிர் கறுப்புக் கோட்டில் வந்து விழுகிறது என்பது கடிதத்தின் வாக்கு. விளிம்பு தூணுக்கு வெளியே 1½ அடி, கோடு தூணுக்கு உள்ளே 3 அடி. ஆகக் கிடைத்தூரம் 4½ அடி. அத்தூரத்துக்குக் கதிர் இறங்கும் அளவைக் கணித்தால் 6 அடி 11 அங்குலம் வருகிறது. திருவெம்பாவை சில ஆண்டுகளிற் தை மாதத்தை நெருங்கி ஆங்கிலப் புத்தாண்டுக்குப் பின்னரும் வருவதுண்டு. அப்போது சூரியன் சற்றே உயர்ந்துவிடுவான். அதனைக் கொண்டு கணித்தால் 7 அடி 2 அங்குலம். இவ்விரண்டுக்கும் இடையிலேதான் கூரை விளிம்பு இருந்திருக்க வேண்டும்.

வீட்டின் திசை கோணியிருந்தால் இக்கணக்குத் தவறும். ஆகையால் வரைஞர் சுவரடியைத் திசைகாட்டியால் ஒத்துப் பார்த்தார். கோணல் இல்லை. நேரமும் பார்க்க வேண்டியதே. நம் கடிகாரம் இலங்கைக்குக் கிழக்கேயுள்ள நெடுங்கோட்டின்படி ஓடுவதால், யாழ்ப்பாணத்தில் டிசெம்பர் இறுதியில் உண்மையான நண்பகல் 12 மணிக்குச் சுமார் பத்து நிமிடம் பிந்தியே வரும். அவ்வளவு சிறிய வேற்றுமையில் வெயிற்கோடு குறிப்பிடத்தக்கபடி நகராது. ஆனித் தூண்களின் சான்றும் ஒத்துப்போயிற்று. ஆனியிற் சூரியன் நமக்கு வடக்கே 14 பாகை சாய்கிறான். 7 அடி உயர விளிம்பினடியாகத் தெற்குத் தாழ்வாரத்துள் நுழையும் கதிர் தூணடிக்கு ஏறத்தாழ மூன்று அங்குலம் அப்பாலே முடிந்துவிடும். இடையிலே சித்திரைப் புத்தாண்டையொட்டிய நாட்களில் சூரியன் யாழ்ப்பாணத்துக்குத் தலைக்கு நேரே வருகிறான் என்பதையும் இங்கே சொல்லிவிடலாம். அன்று நண்பகலில் முற்றத்தின் நடுவே நின்றால் நம் நிழல் காலடிக்குள் ஒடுங்கும்.

அறைவீட்டுச் சுவரின் மேலிருந்த கொடிகளைப் பின்னர் வெட்டியபோது, கைமரம் பதிந்திருந்த குழிகள் தாழ்வார நிலத்திலிருந்து 11 அடி 3 அங்குல உயரத்தில் வெளிப்பட்டன. தெற்கே எஞ்சிய முக்கோணச் சுவரிற் கூரையின் சாய்வு சாந்துத் தடமாகப் பதிந்திருந்தது. இரண்டடி செல்ல ஓரடி இறங்கும் சாய்வு. தாழ்வாரம் 7 அடி, வெளிநீட்டம் 1½ அடி, ஆக 8½ அடி. அதிற் பாதி 4 அடி 3 அங்குலம். குழியின் உயரத்திலிருந்து அதனைக் கழித்தால் சரியாக 7 அடி! மேசன் அளவுகோலை மடித்து வைத்துவிட்டு, "அந்தக் கிழவியைக் கேட்டே கட்டியிருக்கலாம்" என்றார்.

இரண்டாம் படத்தில் விளிம்பு 7 அடிக்கு இறங்கியது. வெயில் கறுப்புக் கோட்டில் நின்றது. அம்மா நெடுநேரம் பார்த்துவிட்டு, அம்மம்மாவின் சாய்மனைக் கதிரை எங்கே என்று கேட்டாராம். வீட்டை அவர் ஏற்றுக்கொண்டார் என்பதற்கு அதைவிட வேறு சான்று தேவையில்லை.

தம்பியாருக்கு மட்டும் நிறைவில்லை. முற்றம் மிகச் சிறிதாக இருக்கிறது, நாங்கள் அங்கே கிளித்தட்டு விளையாடினோம், அளவு பிழை என்று அவர் எழுதினார். வரைஞர் அளவை மாற்றவில்லை. கணனியிற் பார்வையாளரின் கண்மட்டத்தை மாத்திரம் 5 அடியிலிருந்து 3¾ அடிக்கு இறக்கி, அதே முற்றத்தை மீண்டும் வரைந்து அனுப்பினார். எட்டு வயதுப் பையனின் கண்ணுக்கு அதே தூண்கள் ஓங்கி நின்றன, எதிர்த் தாழ்வாரம் விலகிப் போயிற்று. இதுதான் முற்றம் என்று பதில் வந்தது. இதில் ஓர் அபாயமும் உண்டு. இத்தொழிலில் உள்ளோர் சிலர் அகன்ற பார்வைக் கோணத்தை வைத்துச் சிற்றறையையும் மண்டபம்போலக் காட்டிவிடுவர். கட்டி முடிந்தபின் உரிமையாளர் ஏமாறுவார். ஆகையால் வரைஞர் அப்படத்தின் கீழே 16 அடி, 14 அடி என்று பெரிதாக எழுதி, வளர்ந்தவர் கண்மட்டப் படத்தையும் உடன் வைத்தே அனுப்பினார். அது எனக்கு நேர்மையாகப் பட்டது.

இனித் தம்பியாரின் படத்துக்கு வருவோம். முற்றத்தின் மேலே கண்ணாடி. படத்திற் பார்க்கையில் அழகாகவே இருந்தது. ஆனால் நாற்சார் வீட்டின் நான்கு கூரைகளும் முற்றத்தை நோக்கியே சாய்கின்றன. அவ்வாறு உட்புறமாக நீர் சொரியும் பரப்பும் முற்றமுமாகச் சேர்த்து 960 சதுர அடி இருந்தது. நமக்கு மழை பெரும்பாலும் ஐப்பசி முதல் மார்கழி வரையே பெய்கிறது, பெய்யும்போது கொட்டுகிறது. நான்கு அங்குல மழை ஒரு நாளிற் பெய்தால் அம்முற்றத்துள் ஏறத்தாழ 9000 லீற்றர் நீர் இறங்கும். முன்னோர் அதற்கு வழி வைத்திருந்தனர். முற்றத்தின் தென்மேற்கு மூலையில், மேற்குத் தாழ்வாரத்தின் கீழாக ஒரு சுடுமண் குழாய் பின்முற்றத்துக்குச் செல்கிறது. அங்கே கிணற்றைச் சூழ்ந்த மண்ணில் நீர் சுவறும். ஆண்டு முழுதும் ஓடும் ஆறொன்றில்லாத இக்குடாநாட்டிற் கிணற்று நீர் என்பது சுண்ணக்கல்லினுள் இறங்கிய மழைநீரே. முற்றத்தை மூடினால் அந்நீரைப் பீலி வைத்துத் தெருவுக்குத்தான் விட வேண்டும். அன்றியும், முற்றத்தின் வழியாக மேலெழுந்து போகும் பகற்சூடு கண்ணாடியின் கீழே அடைபட்டு நிற்கும். ரொறன்ரோவிற் குளிருக்கு இதமளிக்கும் கண்ணாடி, வண்ணார்பண்ணையிற் பங்குனி மாதத்தில் வீட்டைப் போறணையாக்கிவிடும்.

இவற்றையெல்லாம் வரைஞர் தொலைபேசியில் விளக்கியபோது, தம்பியாரின் உண்மையான கவலை வெளிவந்தது. தனியே இருக்கப்போகும் தங்கைக்குக் கள்ளர் பயம். அதற்குக் கண்ணாடி எதற்கு? விளிம்போடு விளிம்பாக இரும்புக் கம்பி வலை பொருத்தினாற் போதும். மழையும் காற்றும் வரும், கள்ளன் வரான். அவ்வாறே முடிவாயிற்று. மேல்மாடியைப் பற்றிய பேச்சை மேசன் முடித்து வைத்தார். சுண்ணாம்புச் சாந்தில் எழுந்த பழைய அத்திவாரம் ஓட்டுக் கூரையைத் தாங்கும், கொங்கிறீற்றுத் தட்டைத் தாங்காது. மாடி வேண்டுமாயின் அத்திவாரத்தைத் தோண்டி எறிய வேண்டும். பிறகு அதைப் பழைய வீடு என்று சொல்வதிற் பொருளில்லை.

எல்லாவற்றிலும் கடினமாயிருந்தது குளியலறைதான். தங்கையாருக்கும் வயதாகிறது. இரவிற் பின்முற்றம் கடந்து செல்வது ஆகாது. தம்பியாரின் படத்தில் அறைவீடு குளியலறையாகியிருந்தது. தண்ணீர்க் குழாய்க்கு அது அண்மை, யன்னலும் இல்லாத சிறிய அறை, வேறெதற்குப் பயன் என்பது அவர் வாதம். அம்மா அந்தப் படத்தைப் பார்த்தபின் அன்று பகல் உணவு உண்ணவில்லையாம். நான்கு பிள்ளைகளைப் பெற்ற இடம் அல்லவா? தம்பியார் பிடிவாதக்காரர் என்று கேள்விப்பட்டிருந்தேன். ஆயினும் அப்படத்தை அழித்துவிடும்படி முதலில் எழுதியவர் அவரே. மேற்குத் தாழ்வாரத்தை ஒட்டியிருந்த வண்டிக் கொட்டிலின் அத்திவாரத்தின்மேல் குளியலறையை எழுப்பி, ஆறடி நீளக் கூரைவழியால் வீட்டோடு இணைப்பதாக மூன்றாம் படம் அமைந்தது. வண்டியும் மாடும் இல்லாத காலத்தில் கொட்டிலுக்கு இதைவிட நல்ல பயன் வராது.

நான் சென்றிருந்த நாளிற் கிணறு இறைத்துத் துப்புரவாகியிருந்தது. சுண்ணாம்பு குழியில் நீறிக்கொண்டிருந்தது. பழைய சுவரோடு புதுச் சுவர் சேருமிடத்திற் சீமெந்து இடக்கூடாது, அது இறுகிப் பழைய கல்லைப் பிளக்கும் என்று மேசன் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறார். கைமரத்துக்கு வேண்டிய முதிர்ந்த பனைகள், இடிக்கப்பட்ட வேறொரு வீட்டிலிருந்து வாங்கப்பட்டு நிழலில் அடுக்கப்பட்டிருந்தன. அவற்றின் கருவைரம் இன்னும் இரும்புபோல் இருக்கிறது. சிவப்பு நிலத்தில் உடைந்த பகுதிகளுக்கு அதே நிறத்திற் சீமெந்து கலக்க மூன்று முறை முயன்றும் பொருந்தவில்லை. நான்காம் முறை சற்றுக் கிட்ட வந்திருக்கிறது.

படங்களின் அச்சுப்பிரதி ஒன்று மேசனின் பலகையில் ஆணியடித்து மாட்டப்பட்டிருந்தது. ரொறன்ரோவிலிருந்து கடைசியாக வந்த திருத்தத்தை வரைஞர் அதிற் பென்சிலாற் குறித்திருந்தார். ஆட்டுக்கல் கிணற்றுக்கு வலப்புறம் அன்று, இடப்புறம். அன்று காலையில் இருவர் அதனை உருட்டிக்கொண்டிருந்தனர்.